சொல் விளக்கம்: ‘லை ஸ்கேல்’ என்பதைப் ‘பொய் அளவுகோல்’ என்று சொல்லலாமா?

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து நிரப்பச் சொல்லும் ஆளுமை, உணர்ச்சி வினாப்படிவங்கள் பலவற்றுக்குள் ஒரு சிறு பகுதி ஒளிந்திருக்கும். பதற்றத்தையோ சோர்வையோ அது அளப்பதில்லை. பிள்ளை எந்த மனநிலையில் பதில் எழுதினான் என்பதைத்தான் பார்க்கிறது. ஆங்கிலத்தில் அதன் பழைய பெயர் ‘லை ஸ்கேல்’. தமிழில் ‘பொய் அளவுகோல்’ என்று எழுதிவருகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். அந்தச் சொல்லை நான் கைவிட்ட கதை பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் உள்ள ஒரு பள்ளியில் தொடங்கியது. பிள்ளைகளின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே சொல்கிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்து 1928-இல் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லாரும் மெச்சும், ஆனால் யாராலும் எப்போதும் கடைப்பிடிக்க முடியாத நற்செயல்களைப் பட்டியலிட்டு, ‘நீ இப்படித்தான் நடப்பாயா?’ என்று கேட்பது அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஹாத்தவேயும் மெக்கின்லியும் 1940-களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கான எம்.எம்.பி.ஐ. என்ற ஆளுமை வினாப்படிவத்தை அமைத்தபோது இந்த உத்தியை எடுத்துக்கொண்டு, அதற்கு ‘லை’ என்று பெயர் வைத்தார்கள். ஆக, பிள்ளைகளிடம் தொடங்கிய வழிதான் பெரியவர்களிடம் போய்ப் பெயர் பெற்று வந்தது. ‘ஸ்கேல்’ என்பதன் வேர் லத்தீனில் ஏணியைக் குறிக்கும் ‘ஸ்காலா’. நம் ‘படி’யும் ஏறும் படியாகவும் அளக்கும் படியாகவும் இருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பள்ளிக்கு நான் அன்று எடுத்துப்போனது ரெனால்ட்ஸும் ரிச்மண்டும் 1978-இல் வெளியிட்ட சிறுவர் பதற்றப் படிவம். மொத்தம் 37 வரிகள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. 28 வரிகள் பதற்றத்துக்கு, 9 வரிகள் ‘லை’க்கு. ‘எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை’, ‘தெரிந்தவர்கள் எல்லாரையும் எனக்குப் பிடிக்கும்’ என்கிற சாயலில் அந்த ஒன்பதும் இருக்கும். எந்த வரியானாலும் ‘ஆம்’ என்றால் ஒரு மதிப்பெண்.

கூடத்தில் நாற்பது பிள்ளைகள். மேலே பெயர், வரிசை எண். வகுப்பாசிரியர் இடையில் நடந்துகொண்டே இருந்தார். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பதற்றத்தில் 3, ‘லை’யில் 8 வந்தது. அவனுடைய அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்து, அங்கே சிறையில் இருந்தார். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். பையன் முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுகிறான் என்பதால்தான் அவனைக் கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டு நிலைமைக்கு 28-இல் 3 என்பது பொருந்தவில்லை. நான் அறிக்கையில் ‘பொய் மதிப்பெண் அதிகம்’ என்று எழுதிக்கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு, பள்ளியில் ஒருவர் அவனைக் கூப்பிட்டு, எதற்காகப் பொய் சொன்னாய் என்று நிற்க வைத்துக் கேட்டுவிட்டார். தவறு என்னுடையது. அளவையின் பெயரை எழுதுவதாக நினைத்து, பிள்ளைமேல் ஒரு குற்றத்தை எழுதிக் கொடுத்திருந்தேன்.

மறுவாரம் அவனைத் தனியே பார்த்து முதலில் மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “பொய்யெல்லாம் இல்ல மிஸ். வீட்டுக் கதைய வெளிய சொன்னா அப்பா கேஸுக்கு ஆகாதுன்னு அம்மா சொல்லிருக்காக. இத யாரு யாரு பார்ப்பாகன்னு நீங்க அன்னைக்குச் சொல்லவே இல்லையே.”

அவன் கேட்டது சரியான கேள்வி. தாளில் பெயர் இருக்கிறது, ஆசிரியர் சுற்றி வருகிறார், தாள் எங்கே போகும் என்று தெரியாது. இந்த நிலையில் எந்தப் பிள்ளையும் தன் வீட்டின் வாசலைச் சாத்திவிட்டுத்தான் எழுதும்.

தமிழில் ‘பொய்’ ஒருவகையில் ஆங்கிலச் சொல்லைவிட அகலமானது. மழை பொய்த்தது என்கிறோம். ‘விண்இன்று பொய்ப்பின்’ என்கிறது குறள். இராமநாதபுரத்துக்காரர்களுக்கு அந்தச் சொல்லின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. வானம் யாரையும் ஏமாற்ற நினைப்பதில்லை, எதிர்பார்த்தது வரவில்லை, அவ்வளவுதான். பொய்க்கால் குதிரையிலும் வஞ்சனை கிடையாது. இந்தப் பழைய பொருளில் ‘பொய் அளவுகோல்’ என்பதை ஏற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில், அதுவும் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதும்போது, ‘பொய்’ என்றால் ஏமாற்று என்ற ஒரே பொருள்தான் காதில் விழும்.

அந்தப் படிவத்தைத் திருத்தி 2008-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அதன் ஆசிரியர்களே ‘லை’ என்ற பெயரை எடுத்துவிட்டு, தன்னைக் காத்துக்கொள்ளும் போக்கு என்ற பொருளில் ‘டிஃபென்சிவ்னெஸ்’ என்று மாற்றினார்கள். அதைத் ‘தற்காப்பு’ என்று பெயர்ப்பதே வழக்கம். எனக்கு அதில் இரண்டு தயக்கம் உண்டு. தற்காப்பு என்றதும் கராத்தே வகுப்புதான் நினைவுக்கு வருகிறது. அதைவிடப் பெரியது இரண்டாவது: அந்தப் பையன் காத்தது தன்னை அல்ல. அப்பாவின் வழக்கையும் அம்மாவின் சொல்லையும் காத்தான். அதனால் ‘தன்’னை விட்டுவிட்டு, ‘காப்பு அளவை’ என்று எழுதத் தொடங்கினேன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதிலும், நூலின் முதலில் வரும் காப்புச் செய்யுளிலும் இருக்கிற அதே காப்பு. எதைக் காக்கிறான், யாருக்காகக் காக்கிறான் என்ற கேள்வியை அந்தச் சொல் திறந்து வைக்கிறது. ‘பொய்’ அதை மூடிவிடுகிறது.

இரண்டு வாரம் கழித்து அதே படிவத்தை மறுபடி கொடுத்தேன். தனி அறை. நானே ஒவ்வொரு வரியாக வாசித்தேன். தாள் என் பையில்தான் இருக்கும், பள்ளிக்கு மதிப்பெண் போகாது, உன் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உன்னிடம் சொல்லிவிட்டுப் பெரியவர்களிடம் பேசுவேன் என்றேன். இம்முறை காப்பு 3, பதற்றம் 16. இதையும் அப்படியே நம்பிவிட முடியாது. இடையில் நடந்தது ஏதாவது பதற்றத்தைக் கூட்டியிருக்கலாம். மன்னிப்புக் கேட்ட எனக்குப் பிடித்த மாதிரி எழுத நினைத்தும் இருக்கலாம். அதனால் வெளியே இருந்து சான்று தேடினேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் உட்காருகிறான் என்றார் அம்மா. சாப்பாட்டில் பாதியைத் திருப்பிக் கொண்டுபோகிறான் என்றான் உடன் படிப்பவன். தூக்கம், பசி பற்றி இரண்டாம் தாளில் அவன் சொன்னவை இவற்றோடு ஒத்துப்போயின. அதற்குப் பிறகுதான் 16 என்ற எண்ணை நம்பினேன்.

காப்பு மதிப்பெண் உயர்ந்திருந்தால் இந்தத் தாளை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பது மட்டுமே பொருள். உள்ளே பதற்றம் மறைந்திருக்கிறது என்று அது நிரூபிப்பதில்லை. குறைந்த பதற்ற மதிப்பெண்ணோடு எதையாவது கூட்டிச் சரிக்கட்டவும் கூடாது. பெரியவர்களின் எம்.எம்.பி.ஐ.யில் அப்படி ஒரு கூட்டல் முறை உண்டு, ஆனால் 14 முதல் 18 வயதினருக்காக 1992-இல் வந்த எம்.எம்.பி.ஐ.-ஏ வடிவத்தில் அதை விட்டுவிட்டார்கள். வயதும் கணக்கில் வரவேண்டும். எட்டு வயதுப் பிள்ளை ‘நான் எப்போதும் நல்ல பிள்ளை’ என்பது இயல்பு. வளர வளர இந்த மதிப்பெண் தானாகவே இறங்கும். பதினாறு வயதில் அதே எண் வேறு கதை சொல்கிறது. மதரசாவிலோ ஞாயிறு மறைக்கல்வியிலோ கண்டிப்போடு வளர்ந்த பிள்ளை, நல்லவராக இருக்க வேண்டும் என்று கற்றதையே நல்லவராக இருக்கிறேன் என்று எழுதுவதும் உண்டு. அதையும் மறைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே கூடத்தில் ஒரு பெண்ணுக்குப் பதற்றம் 26, காப்பு 8. முதல் பார்வைக்குக் குழப்பும். இந்தப் படிவத்தில் எல்லாமே ‘ஆம்’ என்றால்தான் மதிப்பெண் என்பதை நினைத்தால் விளங்கிவிடும். அவள் படிக்காமலே கிட்டத்தட்ட ஒரே பக்கமாக டிக் அடித்திருந்தாள். அது காப்பும் இல்லை, மிகையும் இல்லை. அந்தத் தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி உட்காரவைத்தேன்.

மிகைப்படுத்தல் என்று சந்தேகிக்கத் தோன்றியது மூன்றாவது தாள். பதினோராம் வகுப்புப் பெண், பதற்றம் 27, காப்பு 1. “சும்மா நடிக்கிறா மிஸ்” என்றார்கள். இந்தப் படிவத்தில் மிகையைப் பிடிக்கும் அளவை இல்லை. எம்.எம்.பி.ஐ. குடும்பத்தில் உண்டு, அதன் பெயர் வெறும் ‘எஃப்’. மிகச் சிலரே ஒப்புக்கொள்ளும் வரிகளைச் சேர்த்து, அவற்றில் எத்தனைக்கு ஒருவர் ஒப்புக்கொண்டார் என்று எண்ணுவார்கள். பழைய படிவத்தில் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்கள் சொல்லும் பதில்களை ‘அரிது’ என்று வைத்தார்கள். அதை வளரிளம் பருவத்தினரிடம் கொடுத்தபோது, எந்தக் கோளாறும் இல்லாத பிள்ளைகளுக்கே மதிப்பெண் ஏறியது. பெரியவர்களுக்கு அரிதாக இருப்பது பதினைந்து வயதில் அரிதல்ல. அதனால் எம்.எம்.பி.ஐ.-ஏ-யில் பிள்ளைகளின் பதில்களையே அடிப்படையாகக் கொண்டு, ஐந்தில் ஒருவருக்கு மேல் சொல்லாத 66 வரிகளாக அதை மாற்றி அமைத்தார்கள்.

இதை ‘மிகை அளவை’ என்று பெயர்ப்பது ‘பொய் அளவுகோல்’ செய்த அதே பிழையைச் செய்கிறது. அது எண்ணுவது அருகி வரும் பதில்களை மட்டுமே. மிகை என்பது நாம் பிறகு செய்யும் ஊகம். வாசிக்காமல் எழுதியது, மொழி புரியாதது, உண்மையிலேயே தாங்க முடியாத துயரம் எல்லாமே அந்த எண்ணை ஏற்றும். எனவே ‘அருகல் அளவை’ என்பதே பொருத்தம். அருகிய வழக்கு என்று இலக்கணத்தில் சொல்வோமே, அந்த அருகல்.

அந்தப் பெண்ணிடம் ‘ஆம்’ என்ற ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: “கடைசியா எப்பம்மா இப்படி இருந்துச்சு?” பதினொன்றுக்கு நாளும் நேரமும் இடமும் சொன்னாள். சிலவற்றுக்கு, “எப்பவாச்சும் வரும்ல” என்றாள். மீதியைப் பற்றிக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள். மதிப்பெண் கூடினவர்களைத்தான் மிஸ் முதலில் கூப்பிடுவார்கள் என்று கூடத்தில் பேச்சு இருந்ததாம். அவளுக்கு யாரிடமாவது சீக்கிரம் பேசியாக வேண்டியிருந்தது. கூட்டி எழுதியது உண்மை, அந்தப் பதினொன்றும் உண்மை. ‘மிகை’ என்று தாளை ஒதுக்கியிருந்தால் அவற்றையும் சேர்த்தே ஒதுக்கியிருப்பேன்.

சாவைப் பற்றிய வரி எந்தப் படிவத்தில் இருந்தாலும் அதற்குத் தனி நடைமுறை வைத்திருக்கிறேன். பிள்ளை அதற்கு ‘ஆம்’ என்று குறித்திருந்தால், காப்பு எவ்வளவு, அருகல் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னாலேயே, அன்றைக்கே, தனியே உட்கார்ந்து நேரடியாகக் கேட்டுவிடுவேன்.

இப்போது என் அறிக்கைகளில் அந்த வரி இப்படி இருக்கிறது: “காப்பு அளவையில் 9-க்கு 8. கூட்டமாக, பெயருடன், ஆசிரியர் முன்னிலையில் நிரப்பப்பட்டது. இந்தத் தாளிலிருந்து பதற்றம் பற்றி முடிவு கூற இயலாது. தனியே மறுபடி பார்க்க வேண்டும்.”