ஐதரசன் எரிவதும் எரிபொருட் கலத்தில் நடப்பதும் ஒன்றல்ல

ஐதரசன் கார் என்றால் பெற்றோலுக்குப் பதிலாக ஐதரசனை எரித்து ஓடும் கார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி எரித்து ஓடும் இயந்திரங்களும் உண்டுதான். ஆனால் ரொயோட்டா மிராய் போன்ற வண்டிகளில் எரிபொருட் கலம் ஐதரசனிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கிறது, எதுவும் எரிவதில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இதைப் பற்றிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அதனால் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடங்களில் செய்துகாட்ட நான் கொண்டுபோகும் கருவி உள்ளங்கை அளவுதான். ஒரு கலம், இரண்டு பக்கமும் இரண்டு சிறு குழாய்கள். ஒன்றில் ஐதரசன், மற்றதில் ஒட்சிசன். எதையும் இணைக்காமல் வோல்ற்றுமானியை மட்டும் வைத்தால் 0.9 வோல்ற்றுக்கு மேல் காட்டும். அப்போது குழாயில் ஐதரசன் மட்டம் அசையாமல் நிற்கும். பிள்ளைகள், "சேர், காஸ் குறையவே இல்லையே!" என்பார்கள். சின்ன மின்விசிறி ஒன்றைக் கொழுவினால், விசிறி சுற்றும், மட்டம் இறங்கத் தொடங்கும், வோல்ற்றளவு 0.7க்குக் கிட்ட வரும். கம்பியைக் கழற்றினால் மட்டம் திரும்பவும் நின்றுவிடும். ஐதரசனும் ஒட்சிசனும் அங்கேயே இருந்தும் ஏன் தாக்கம் நின்றது?

நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வுதான் காரணம். ஐதரசன் பக்கத்தில் பிளாற்றினத் துகள்கள் ஐதரசனைப் புரோத்தனாகவும் இலத்திரனாகவும் பிரிக்கின்றன. புரோத்தன் சவ்வுக்குள்ளால் போகும். இலத்திரனுக்கு அந்தப் பாதை இல்லை. அது கம்பி வழியே வெளியே போய், விசிறியைச் சுற்றிவிட்டு, மறுபக்கம் சேர வேண்டும். அங்கே இரண்டும் ஒட்சிசனோடு கூடித் தண்ணீராகும். கம்பியைக் கழற்றினால் இலத்திரனுக்குப் போக வழியில்லை, தாக்கமும் நிற்கும். சுவாலையில் இந்தத் தடுப்பு கிடையாது. இலத்திரன் அணுவுக்கு அணு நேரடியாக மாறிவிடும், சக்தி முழுவதும் வெப்பமாக வெளிவரும். இரண்டிலும் கடைசியில் வருவது தண்ணீர்தான். ஆனால் 2000 பாகையைத் தாண்டும் சுவாலை காற்றிலுள்ள நைதரசனையும் ஒட்சிசனோடு சேர்த்து நைதரசன் ஒட்சைட்டுகளை உண்டாக்கும். இந்தவகைக் கலம் 80 பாகையளவில் வேலை செய்வதால் அந்தப் புகை இல்லை.

கணக்குக்கு வருவோம். 1 கிலோ ஐதரசனில் சுமார் 33 அலகு சக்தி இருக்கிறது. மின்பட்டியலில் வரும் அதே அலகுதான். அதை எரித்துச் சிறிய மின்பிறப்பாக்கி ஒன்றை ஓட்டினால் 8 முதல் 10 அலகு மின்சாரம் கிடைக்கும். மிச்சம் சூடாகப் போய்விடும். கலத்தின் திறனை வோல்ற்றளவைப் பார்த்தே சொல்லலாம். ஐதரசனின் சக்தி முழுவதும் மின்சாரமானால் ஒரு கலம் 1.25 வோல்ற்று காட்டும். வேலை செய்யும்போது அது 0.65 காட்டினால் அதை 1.25ஆல் வகுக்க வேண்டும்: 52 சதவீதம். 33 அலகில் 17. காற்றுப் பம்பி, இன்வேட்டர் இவற்றுக்குப் போனது போக 15 அலகு மிஞ்சும்.

ஆனால் அந்த 1 கிலோவை மின்பகுப்பில் எடுக்க 50 அலகுக்கு மேல் வேண்டும். அதனால் கூரையில் சோலார் போட்டவர்கள் இரவுக்குச் சேமிக்க ஐதரசனைத் தேட வேண்டாம் என்றே நான் சொல்வேன். பற்றறி வைத்தால் போட்டதில் பெரும்பகுதி திரும்ப வரும். தண்ணீரை மின்பகுத்து, அந்த வாயுவை எரித்தே வண்டி ஓடும் என்று கருவி விற்க வருபவர்களுக்கும் இதே கணக்கைக் காட்டுங்கள். வண்டியின் மின்சாரத்தில் பிரித்த வாயு, செலவழித்த சக்தியைத் திருப்பித் தராது.

சவ்வில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? ஐதரசன் கம்பியைச் சுற்றாமலே மறுபக்கம் போய், பிளாற்றினத்தின் மேல் ஒட்சிசனோடு நேரடியாகச் சேரும். அதாவது கலத்துக்குள்ளேயே எரிகிறது. அந்த இடம் சூடேறி ஓட்டை இன்னும் பெரிதாகும். இதைப் பிடிக்க, பல கலங்களை அடுக்கிய கருவியில், சுமை எதையும் இணைக்காமல் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். மற்றவை 0.95 காட்ட, ஒன்று மட்டும் கீழே கிடந்தால் ஐதரசனை உடனே நிறுத்திவிட்டு அந்தக் கலத்தைப் பாருங்கள்.

சவ்வில் உப்பு ஏறினால் அறிகுறி வேறு. சுமையில்லாதபோது வோல்ற்றளவு சரியாகவே இருக்கும். சுமையைக் கொடுத்ததும் விழுந்துவிடும். சோடியமும் கல்சியமும் சவ்வுக்குள் புரோத்தன் இருக்க வேண்டிய இடங்களைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். எங்கள் ஊருக்கு இது முக்கியம். கடற்காற்றில் உப்பு, கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. பள்ளிக்கூடக் கருவிக்குள் கிணற்றுத் தண்ணீரை விடவே கூடாது. கொதிக்கவைத்து வடிகட்டினாலும் கல்சியம் முழுதாகப் போகாது. காய்ச்சி வடித்த நீரை மட்டும் விடுங்கள், காற்றுப் பக்கத்துக்கு உப்பைப் பிடிக்கும் வடிகட்டி போடுங்கள். கரையோரத்தில் வைத்த கலம் என்றால் அந்த வடிகட்டியையும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.