64 பக்கங்களில் நான் தேடியது ஒரு செக்‌ஷன்

எங்கள் கட்டடக்கலை அலுவலகத்தில் ஒன்பது பேர். பெரும்பாலும் வீடுகள், அவ்வப்போது ஒரு சின்னப் பள்ளிக்கூடமோ கிளினிக்கோ வரும். வேலை கேட்டு வருகிற போர்ட்ஃபோலியோக்களை, அதாவது அவரவர் செய்த வேலைகளின் தொகுப்புகளை, முதலில் பார்ப்பது நான்தான். உண்மையைச் சொன்னால், முதல் பார்வை சைட்டுக்குப் போகிற வழியில் செல்போனில்தான் நடக்கும். ஒரு கோப்புக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம்.

சென்ற ஆண்டு வந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். பி.ஆர்க் முடித்த தம்பி. கோப்பு 48 எம்பி, 64 பக்கம், பதினோரு புராஜெக்ட். முதல் செமஸ்டரில் செய்த அட்டை மாடலில் தொடங்கி, பத்தாவது செமஸ்டர் தீசிஸ் வரை வரிசை மாறாமல் இருந்தது. அதாவது, அவருடைய பலவீனமான வேலையை முதலில் பார்த்துவிட்டு, நல்ல வேலைக்காக நான் 45 பக்கம் காத்திருக்க வேண்டும். பாதிப் பேர் இப்படித்தான் அனுப்புகிறார்கள்.

இன்னொரு பெரிய பிழை, கல்லூரி மதிப்பீட்டுக்கு வரைகிற ஜூரி ஷீட்டை அப்படியே சுருக்கி ஒட்டியிருந்தது. ஏ1 தாளில் வரைந்ததை ஏ3 பக்கத்தில் வைத்தால் நீளமும் அகலமும் சரிபாதியாகும். ஏ1-இல் 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்த எழுத்து 1.25 ஆகிவிடும். கோடுகளின் தடிமனும் பாதியாகும். வெட்டுப்பட்ட சுவருக்கும் டைல்ஸ் கோட்டுக்கும் வித்தியாசமே தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். ‘ஸ்கேல் 1:100’ என்று கீழே எழுதியிருந்ததும் பொய்யாகிவிட்டது, இப்போது அது 1:200. அதனால்தான் எண்ணுக்குப் பதிலாக, மீட்டர் குறித்த சின்னக் கோடான ஸ்கேல் பார் போடச் சொல்கிறேன். படம் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும், கணக்கு தப்பாது.

ஜூரி ஷீட் சுவரில் மாட்டுவதற்கு. பக்கத்தில் நாம் நின்று விளக்கிக்கொண்டிருப்போம். போர்ட்ஃபோலியோவுக்குப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஷீட்டைப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு பெரிய படம், கூட ஒன்றிரண்டு சின்னப் படங்கள், மூன்று வரி எழுத்து என்று புதிதாக அடுக்கத்தான் வேண்டும். பிளானைக் கோட்டுத் தடிமன் மாற்றி மறுபடி பிடிஎஃப்-ஆக எடுக்க வேண்டியிருக்கும். ஒரு புராஜெக்ட்டுக்கு இரண்டு நாள் பிடிக்கிற வேலை இது. பதினோரு புராஜெக்ட்டுக்கும் யாராலும் செய்ய முடியாது. எண்ணிக்கையைக் குறைக்க இதுவே போதுமான காரணம்.

அந்தத் தம்பியின் கோப்பை மூடிவிட்டுப் போகாமல் பார்த்ததற்குக் காரணம், 23-ஆம் பக்கத்தில் ஓர் ஓரத்தில் தபால்தலை அளவில் இருந்த, கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டுகிற செக்‌ஷன். ஆறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. கம்ப்யூட்டரில் நிஜம்போல உருவாக்கிய ரெண்டர் படங்கள் நான்கு பக்கம், செக்‌ஷன் இவ்வளவுதான். பெரிதாக்கிப் பார்த்தேன். தளத்துக்குத் தளம் 3 மீட்டர். 150 மில்லிமீட்டரில் இருபது படி. பத்தாவது படியில் லேண்டிங். அதாவது லேண்டிங்கின் மேல்பரப்பு 1.5 மீட்டரில். ஸ்லாப் 150 மில்லிமீட்டர் போனால் அடியில் மிஞ்சுவது 1.35 மீட்டர். அங்கே 2.1 மீட்டர் கதவோடு ஒரு டாய்லெட்! பிளானில் மட்டும் பார்த்தால் எல்லாம் அழகாகப் பொருந்தியிருந்தது. குனிந்து போனாலும் தலை இடிக்கும் கதவு அது.

இந்தப் பிழை கல்லூரிகளில் சாதாரணம், அதற்காக நான் யாரையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் ரெண்டர் எனக்கு இதைச் சொல்லாது, செக்‌ஷன்தான் சொல்லும். வேலைக்கு எடுப்பவர் பிளானையும் செக்‌ஷனையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டையும் டாய்லெட்டையும்தான் முதலில் ஒப்பிடுவார். அங்கே தப்பு இருந்தால் மறைக்காமல் திருத்தி வரையலாம். முடித்த புராஜெக்ட்டைப் பிறகு திருத்தக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ‘பின்னர் திருத்தியது’ என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்.

அவரை அழைத்துப் பேசினேன். “சார், எதை எடுக்கிறது, எதை விடுறதுன்னே தெரியல” என்றார். சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். மியூசியம், ரிசார்ட், போட்டிக்கு அனுப்பிய கோபுரம், புகைப்படங்கள் எல்லாம் போயின. அவை மோசம் என்றல்ல. வீடு கட்டுகிற அலுவலகத்துக்கு அவை புதிதாக எதையும் சொல்லவில்லை. மருத்துவமனைகள் செய்கிற அலுவலகத்துக்கு அனுப்பினால் தேர்வு வேறு மாதிரி இருக்கும். மிஞ்சியவை நான்கு.

முதலில் அந்த ஆறு வீடுகள், திருத்திய படிக்கட்டோடு, ஆறு பக்கம். டாய்லெட்டை வெளியே நகர்த்திவிட்டு, லேண்டிங்குக்கு அடியில் செருப்பு அலமாரியும் இன்வெர்ட்டரும் வைத்தார். செக்‌ஷன் ஒரு முழுப் பக்கத்துக்கு வந்தது.

இரண்டாவது, காரைக்குடிப் பக்கம் அளந்து வரைந்த ஒரு செட்டிநாட்டு வீடு. இதை அவர் வேண்டாம் என்று முதலில் தள்ளிவைத்திருந்தார், “டிசைன் இல்லையே சார்” என்று. எனக்கு அதுதான் பிடித்தது. முற்றத்தைச் சுற்றியிருக்கிற வளவின் நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் மூலைகளில் சந்தித்து மழைநீரை முற்றத்துக்குள் இறக்குகிற இடத்தை அவர்தான் அளந்திருந்தார். எட்டுப் பேர் சேர்ந்த வேலை. ‘குழு 8 பேர், என் பங்கு: வளவின் கூரை அளவும் செக்‌ஷனும்’ என்று எழுதினோம். கூடவே சைட்டில் பென்சிலால் கிறுக்கிய அளவுக் குறிப்பையும் ஸ்கேன் செய்து போட்டார். ஒருவர் எப்படி அளக்கிறார் என்பது அந்தக் கிறுக்கலில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, இன்டர்ன்ஷிப்பில் கட்டுமானத்துக்காக வரைந்த வொர்க்கிங் டிராயிங், மூன்றே பக்கம். ஒரு டாய்லெட் டீடெய்ல், ஒரு ஜன்னல் டீடெய்ல். பயிற்சி பெற்ற அலுவலகத்திடம் அனுமதி கேட்கச் சொன்னேன். அவர்களும் கொடுத்தார்கள், வீட்டுக்காரர் பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டுப் போடலாம் என்று. அனுமதி இல்லாமல் வேறு அலுவலகத்து டிராயிங்கைப் போடுகிறவரைப் பார்த்தால், நாளைக்கு நம்முடையதும் இப்படித்தான் வெளியே போகும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

கடைசியில் தீசிஸ், ஒரு பேருந்து நிலையம். 19 பக்கமாக இருந்ததை ஏழாக்கினோம். கேஸ் ஸ்டடி, இலக்கியத் தேடல், தளப் பகுப்பாய்வு எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கின. பஸ் திரும்புகிற வட்டமும் பயணி நடக்கிற வழியும் எங்கே குறுக்கிடுகின்றன, அதை எப்படிப் பிரித்தார் என்பதற்கு மட்டும் இரண்டு பக்கம் கொடுத்தோம். இது ஏன் கடைசி என்றால், மூடும்போது கண்ணில் நிற்பது கடைசிப் பக்கம். இரண்டாவது சிறந்த வேலையை அங்கே வைப்பது என் வழக்கம்.

அப்புறம் கோப்பின் கனம். ஆட்டோகேடில் ஹேட்ச் என்கிற நிரப்புக் கோடுகள் நிறைந்த டிராயிங்கை அப்படியே பிடிஎஃப்-இல் வைத்தால், ஒவ்வொரு கோடும் தனித்தனியாக வரையப்பட்டு, செல்போனில் பக்கம் திறக்கவே திணறும். அந்த மாதிரிப் பக்கங்களில் மட்டும் டிராயிங்கை 200 பிபிஐ படமாக மாற்றி வைக்கலாம். ஏ3-க்கு அது சுமார் 3300-க்கு 2340 பிக்சல், பெரிதாக்கிப் பார்க்கப் போதும். எழுத்தை மட்டும் எழுத்தாகவே விட வேண்டும். 48 எம்பி இருந்தது 9-க்கு வந்தது. கோப்பின் பெயரும் `final_final_3.pdf` என்று இருந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.

மொத்தம் 22 பக்கம். நேர்காணலில் ரெண்டர் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வளவு மூலையைக் காட்டி, “இந்தத் தண்ணி முற்றத்திலிருந்து எங்கே போகுது?” என்று எங்கள் சைட் இன்ஜினியர் கேட்டார். தம்பி பதில் சொல்லாமல் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து வரைய ஆரம்பித்தார்.