ஆசிட் வேல்யூ 0.14: செக்கு எண்ணெய் ரிப்போர்ட்டில் 'ரொம்ப நல்ல' எண்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நான் எண்ணெய் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்ப்பது தெருவுக்கே தெரியும் என்பதால், வாட்ஸ்அப்பில் எண்ணெய் பற்றி எது வந்தாலும் எனக்கு அனுப்பிவிடுவார். போன மாதம் நேரிலேயே வந்துவிட்டார். கையில் இரண்டு பாட்டில் கடலை எண்ணெய், இரண்டு லேப் ரிப்போர்ட்.

"ஏம்மா, இந்தப் பிராண்டு செக்கு எண்ணெய்ல ஆசிட் வேல்யூ 0.14. அணைக்கட்டு பக்கத்துச் செக்குக்காரர் குடுத்ததுல 1.90. அமிலம் கம்மியா இருக்கறதுதானே நல்லது? பதிமூணு மடங்கு வித்தியாசம். அந்தச் செக்குக்காரர்கிட்ட இனி வாங்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்."

கணக்கு சரி, முடிவு தலைகீழ். இந்தத் தவறைப் படித்தவர்கள்தான் அதிகம் செய்கிறார்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்ப்பதுபோலவே எண்ணெய் ரிப்போர்ட்டையும் பார்க்கிறோம். எண் குறைவாக இருந்தால் நிம்மதி. செக்கு எண்ணெய் என்று சொல்லி விற்கும் பாட்டிலில் ஆசிட் வேல்யூ ரொம்பக் குறைவாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

காரணம் இதுதான். மல்லாட்டைப் பருப்பில் எண்ணெய் இருக்கிறது, அந்த எண்ணெயை உடைக்கும் நொதியும் இருக்கிறது. உடைந்த பருப்பு, ஈரம் காயாத பருப்பு, பூஞ்சை பிடித்த பருப்பு இவற்றில் அந்த நொதி வேலை செய்து கொழுப்பமிலங்களைத் தனியாகப் பிரித்து விடுகிறது. ஒரு கிராம் எண்ணெயில் அப்படிப் பிரிந்து கிடப்பதைச் சமன்செய்ய எத்தனை மில்லிகிராம் காரம் தேவை என்பதே ஆசிட் வேல்யூ. செக்கில் ஆட்டி, தெளியவைத்து, வடிகட்டி அடைக்கும்போது இந்த அமிலம் வெளியே போக வழியே இல்லை. ரீஃபைனரியில் அதைக் காரம் போட்டு நீக்குகிறார்கள். பிறகு மண் போட்டு வெளுக்கிறார்கள். கடைசியாக 200 டிகிரிக்கு மேல் வெற்றிடத்தில் நீராவி விட்டு வாசனையை எடுக்கிறார்கள். அங்கிருந்து வரும் எண்ணெயில்தான் 0.1, 0.2 என்ற எண்கள் சாதாரணம்.

உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பிலும் இந்த வித்தியாசம் தெரியும். ரீஃபைண்டு எண்ணெய்க்கு ஆசிட் வேல்யூ 0.6 வரை, கோல்ட் பிரஸ்டு எண்ணெய்க்கு 4.0 வரை. எண்ணெய் காறிப்போவதைக் காட்டும் பெராக்சைடு வேல்யூவும் அப்படியே: அங்கே 10, இங்கே 15. செக்கு எண்ணெய்க்குச் சலுகை காட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இயற்கையில் அதில் இருப்பதை எடுக்காமல் விட்டால் எண் அப்படித்தான் இருக்கும்.

ஆசிரியர் நம்பவில்லை. சரி என்று இரண்டு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் எண்ணெயை லேபுக்கு எடுத்துப் போனேன். சோதனை எளிது. பத்து கிராம் எண்ணெயைச் சூடான ஆல்கஹாலில் கலந்து, பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 0.1 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு வந்து நின்றால் முடிந்தது. பிராண்டு பாட்டிலுக்குக் கால் மில்லி கூட நிறையாமல் சிவந்துவிட்டது. அணைக்கட்டு எண்ணெய் 3.4 மில்லி குடித்தது. செலவான மில்லியை 0.1-ஆலும் 56.1-ஆலும் பெருக்கி எண்ணெயின் எடையான பத்தால் வகுத்தால் முதலாவது 0.14-க்குள், இரண்டாவது 1.91. இரண்டு ரிப்போர்ட்டும் எண்ணைப் பொறுத்தவரை பொய் சொல்லவில்லை. லேபிள்தான் வேறு கதை சொல்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 0.14 என்பது சந்தேகம், தீர்ப்பு இல்லை. நன்றாகக் காய்ந்த, சொத்தை பொறுக்கிய புதுப் பருப்பை அன்றே ஆட்டினால் அரைக்குக் கீழே கூட வரலாம். மறுபக்கம், ரீஃபைண்டு எண்ணெயில் வாசனைக்காக அமிலம் கூடிய செக்கு எண்ணெயைக் கொஞ்சம் கலந்தால் ஆசிட் வேல்யூ 0.8, 1.0 என்று நம்பும்படியாகவே வந்து நிற்கும். அதனால் இந்த ஒரு எண் பச்சையான ஏமாற்றைத்தான் பிடிக்கும், சாமர்த்தியமான ஏமாற்றைப் பிடிக்காது. அதற்கு வேறு சோதனை உண்டு. வெளுக்கும் மண்ணும் சூடும் சேரும்போது எண்ணெயில் உள்ள தாவர ஸ்டெரால் நீரை இழந்து ஸ்டிக்மாஸ்டாடையீன் என்ற பொருளாகிறது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது அநேகமாக இருக்காது. ஆலிவ் எண்ணெயில் ரீஃபைண்டு கலப்பைப் பிடிக்க இதைத்தான் பார்க்கிறார்கள். எல்லா லேபிலும் செய்ய மாட்டார்கள், செலவும் கூட. ஆனால் 'கோல்ட் பிரஸ்டு என்று லேபில் நிரூபித்திருக்கிறோம்' என்று ஒரு நிறுவனம் சொன்னால், இந்த மாதிரி ஒரு சோதனை ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று கேட்பது நியாயம். வழக்கமான ரிப்போர்ட் சொல்வது 'இது கடலை எண்ணெய்க்கான அளவுகளுக்குள் இருக்கிறது' என்பதை மட்டும்தான். எப்படி எடுத்தார்கள் என்பதை அது சொல்வதில்லை. மரச்செக்கா இரும்புச் செக்கா என்பதை எந்த ரிப்போர்ட்டும் பிரித்துச் சொல்லாது.

செக்கு எண்ணெய்தானா, கடலை எண்ணெய்தானா என்ற கேள்விகளுக்கு லேபிளிலேயே ஓரளவு விடை இருக்கிறது. பொருள் பட்டியலில் 'ரீஃபைண்டு' என்ற சொல்லோ, ஐ.என்.எஸ். 319 என்ற எண்ணோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அந்த 319 டி.பி.எச்.க்யூ. என்ற கெடாமல் காக்கும் பொருள். பலர் பார்க்காதது பக்கத்தில் இருக்கும் ஊட்டச்சத்து அட்டவணை. நூறு கிராம் கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 17 முதல் 20 கிராம். பாமாயிலில் அது நாற்பதைத் தாண்டும். 'சுத்தமான கடலை எண்ணெய்' என்று எழுதிய பாட்டிலில் நிறைவுற்ற கொழுப்பு 30 என்று அவர்களே அச்சடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். முன்பக்கத்தை டிசைன் செய்தவரும் பின்பக்கத்துக்கு எண் கொடுத்தவரும் பேசிக்கொள்ளவில்லை போல.

ரிப்போர்ட்டில் இதையே, நிறைவுறாத கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் அயோடின் வேல்யூ வழியாகப் பார்ப்பார்கள். கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99. அறுபது பங்கு கடலை எண்ணெயில் நாற்பது பங்கு பாமாயில் கலந்தால் 78 சுமாருக்கு இறங்கி மாட்டிக்கொள்ளும். ஆனால் பாமாயில் இருபது, சூரியகாந்தி பதினைந்து என்று கலந்தால் ஒன்று இறக்குவதை இன்னொன்று ஏற்றி, 91 வாக்கில் அழகாக உள்ளே உட்கார்ந்துவிடும். அப்போது கொழுப்பமிலப் பட்டியல் வேண்டும். பெஹெனிக் அமிலம் கடலை எண்ணெயில் இரண்டு மூன்று சதவீதம் இருக்கும், பாமாயிலில் இல்லை என்றே சொல்லலாம். பாமாயிலில் அதிகமாக உள்ள பால்மிட்டிக் அமிலம் ஏறி பெஹெனிக் இறங்கியிருந்தால் கலப்பு வெளியே வந்துவிடும்.

ஆசிரியரின் பிராண்டு பாட்டிலில் இந்தப் பிரச்சினை இல்லை. கடலை எண்ணெய்தான். ஆனால் 'ஆர்கானிக்' என்றும் போட்டிருந்தார்கள். அதற்கு ஆதாரமாக ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் பூச்சிமருந்துப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நேரே 'அளவிடும் எல்லைக்குக் கீழ்' என்று இருந்தது. பட்டியலைப் படித்தால் டி.டி.டி., பி.எச்.சி., எண்டோசல்பான் வகையறா. விவசாயத்தில் எப்போதோ தடை செய்தவை. இன்றைக்கு மல்லாட்டைக்குக் களைக்கு அடிக்கும் இமாசெதாபிர், டிக்கா இலைப்புள்ளிக்கு அடிக்கும் டெபுகோனசோல் இரண்டும் அதில் இல்லை. தேடாததைக் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கை: வாசனை நீக்கும் நீராவியில் பல பூச்சிமருந்து எச்சங்களும் ஆவியாகிப் போய்விடும். ரீஃபைண்டு எண்ணெயின் சுத்தமான எச்ச ரிப்போர்ட் வயலைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஆர்கானிக் என்பது வயலில் நடப்பது, அதற்குச் சான்றிதழ்தான் ஆதாரம். லேபிளில் ஜைவிக் பாரத் போன்ற அரசின் ஆர்கானிக் சின்னம் இருக்க வேண்டும். தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையோ வேறு அங்கீகார அமைப்போ தந்த சான்றிதழ், அல்லது விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து பெறும் பி.ஜி.எஸ். சான்று இருக்க வேண்டும். நேரடியாக நமக்கே விற்கும் சிறு விவசாயிக்கு விலக்கு உண்டு. அவரிடம் சின்னம் கேட்டுச் சண்டை போடாதீர்கள். சான்றிதழ் கிடைத்தால் அதில் பயிரின் பெயரையும் ஏக்கரையும் பாருங்கள். மானாவாரியில் ஏக்கருக்கு 800 கிலோ காய் என்று வைத்துக்கொள்வோம். உரித்தால் 560 கிலோ பருப்பு, செக்கில் நாற்பது சதவீதம் எண்ணெய் என்றால் 224 கிலோ, அதாவது 245 லிட்டர். மூன்று ஏக்கர் சான்றிதழ் வைத்துக்கொண்டு மாதம் ஆயிரம் லிட்டர் விற்றால் மீதி எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் விடவில்லை. தன் பாட்டிலின் பேட்ச் எண்ணுக்கான ரிப்போர்ட் வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதினார். முதலில் கொடுத்தது எட்டு மாதத்துக்கு முந்தையது, மாதிரியை 'வாடிக்கையாளரே கொடுத்தது' என்று குறிப்பும் இருந்தது. மறுநாளே புது பி.டி.எஃப். வந்தது. பேட்ச் எண் மாறியிருந்தது, தேதி மாறியிருந்தது. அயோடின், சபானிபிகேஷன், ஆசிட், பெராக்சைடு எல்லாம் இரண்டாம் தசமம் வரை அப்படியே. ஒரே எண்ணெயை ஒரே நாளில் நானே இரண்டு முறை சோதித்தாலும் கடைசி இலக்கம் ஒத்துப்போகாது. மேலே இருந்த யு.எல்.ஆர். எண்ணும் பழையதே. லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற லேப் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் தனி யு.எல்.ஆர். எண் தரும். ரிப்போர்ட் கொடுத்த லேபுக்கே அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் அசல் தேதியைச் சொல்வார்கள். ஆசிரியர் கேட்டார், சொன்னார்கள்.

இதற்கிடையில் அணைக்கட்டுச் செக்குக்காரர் எனக்கு போன் செய்தார். ஆசிரியர் மாதிரி இன்னும் நாலு பேர் 1.90-ஐப் பார்த்துவிட்டு வாங்காமல் போயிருக்கிறார்கள்.

"மேடம், அந்த நம்பரைக் கொஞ்சம் கொறச்சுப் போட்டுத் தர முடியுமா?"

எண்ணைக் குறைக்க முடியாது, பருப்பைச் சரி செய்யலாம் என்றேன். மூட்டையில் உடைசலும் சுருங்கலும் நிறைய இருந்ததை அவரே ஒப்புக்கொண்டார். அவற்றைப் பொறுக்கி எடுப்பது ஆசிட் வேல்யூவுக்காக மட்டும் இல்லை. பூஞ்சை பிடித்த பருப்பில் அஃப்லாடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கலாம். ரீஃபைனரியின் காரமும் மண்ணும் அதைப் பெருமளவு எடுத்துவிடும், செக்கு எடுக்காது. அதனால் செக்கு எண்ணெய் ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடும் வரி அஃப்லாடாக்ஸின்தான். அவருடையதில் அந்தச் சோதனையே செய்யவில்லை.

அடுத்த முறை ஆட்டுவதற்கு முன் இரண்டு பெண்களை வைத்துப் பருப்பைப் பொறுக்கச் சொல்லி, கூடுதலாக ஒரு நாள் வெயிலில் காயவிட்டார். அஃப்லாடாக்ஸினுக்கும் சேர்த்து மாதிரி கொடுத்தார். அது அளவுக்குள் வந்தது. ஆசிட் வேல்யூ 1.12. பொறுக்கிய கூலியை லிட்டருக்கு எவ்வளவு ஏற்றுவது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறார்.