விளைச்சலா, வெந்த எடையா?

சமையல் பாத்திரத்தில் எதுவும் விளைவதில்லை. அதில் போட்டது வேகும், அவ்வளவுதான். ஆனாலும் இங்கே சமூக மன்றத்து வகுப்புகளில் கைக்குக் கை மாறும் கலோரிக் கணக்குத் தாள்களில் ‘சமையல் விளைச்சல்’ என்ற சொல்லை இந்த ஆண்டு நான்காவது முறையாகப் பார்த்துவிட்டேன். அந்தச் சொல்லால் எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அக்காவின் கணக்கே தப்பிப் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ‘விளைச்சல்’ ஆங்கிலத்தின் ‘யீல்டு’ என்பதன் மொழிபெயர்ப்பு. ‘யீல்டு’ பழைய காலத்தில் ‘செலுத்து, திருப்பிக் கொடு’ என்ற பொருளில் வழங்கியது. நிலம் திருப்பித் தருவது, தொழில் திருப்பித் தருவது என்று அது பின்னால் விரிந்தது. சமையலில் அதற்குப் பொருள், அடுப்பிலிருந்து இறக்கியதும் கையில் இருக்கும் அளவு. தமிழில் ‘விளை’ அப்படி விரியவில்லை. நெல் விளையும், உப்பு விளையும், வினை விளையும். இல்லாத ஒன்று உண்டாவதுதான் விளைதல். சட்டியில் நடப்பதோ நேர்மாறு: நீர் ஆவியாகி எடை குறைகிறது.

அக்காவுக்குச் சர்க்கரை நோய். பூசணிக்காய் போட்ட மைசூர்ப் பருப்புக் குழம்பு ஒன்றைப் புதிதாகச் செய்து பார்த்தார். பருப்பு 200 கிராம், பூசணி 300, வெங்காயம் 100, பெட்டித் தேங்காய்ப்பால் 200, எண்ணெய் 20, தண்ணீர் 700. விரிதாளில் (இந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை, நல்ல சொல்) ஒரு பத்தியில் கிராம், அடுத்ததில் 100 கிராமுக்கான கலோரி. பருப்புக்கு 350, பூசணிக்கு 26, வெங்காயத்துக்கு 40, பெட்டியில் போட்டிருந்தபடி தேங்காய்ப்பாலுக்கு 180, எண்ணெய்க்கு 900, தண்ணீருக்குச் சுழி. மொத்தம் 1358. இதுவரை சரி.

அடுத்த கட்டத்தின் தலைப்பு ‘விளைச்சல் (கிராம்)’. “எல்லாத்தையும் கூட்டினா வர்றதுதானேம்மா விளைச்சல்?” என்று கேட்டார். கூட்டி, 1520 என்று போட்டிருந்தார். 100 கிராமுக்கு 89 கலோரி வந்தது. சட்டியை நிறுத்துப் பார்த்தோம்: குழம்போடு 2210, வெறும் சட்டி 960. குழம்பு 1250 கிராம்தான். 270 கிராம் நீர் ஆவியாகியிருந்தது. நீர் போகும், கலோரி போகாது. அதே 1358 இப்போது சிறிய எடைக்குள் நெருங்கி உட்கார்ந்திருக்கிறது, 100 கிராமுக்கு 109. அவர் 220 கிராம் ஊற்றிக்கொள்ளும் கிண்ணத்தில் 197 என்று நினைத்தது உண்மையில் 239.

```
B8: =SUMPRODUCT(B2:B7,C2:C7)/100
B11: =B8/(B9-B10)*100
```

B8 மொத்தக் கலோரி, B9 நிறைந்த சட்டியின் எடை, B10 வெறும் சட்டியின் எடை, B11 வெந்த குழம்பின் 100 கிராமுக்கான கலோரி. வெறும் சட்டியைச் சமைக்கும் முன்பே நிறுத்துவிட வேண்டும்.

சிலர் ‘சமைத்த எடை’ என்று எழுதுகிறார்கள். விளைச்சலைவிட மேல்தான், ஆனாலும் இதை நான் ஏற்க மாட்டேன். “கால் கிலோ அரிசி சமைத்தேன்” என்று ஒருவர் சொன்னால், அந்தக் கால் கிலோ உலையில் போடும் முன் அளந்தது. நம் பேச்சில் சமைத்த எடை என்றாலே பச்சை எடைதான். ‘வெந்த எடை’ என்றால் இந்தக் குழப்பம் வராது. வெந்த சோறு எது, அரிசி எது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொரித்ததற்கும் சுட்டதற்கும் பொருந்துமா என்கிறார்கள். “வடை உள்ளே வேகல”, “கேக் வெந்துடுச்சா” என்று தினமும் நாம்தானே சொல்கிறோம்? பச்சை எடை, வெந்த எடை: இரண்டும் எதிரெதிராக நின்றால் கலோரிப் பத்தியில் பச்சைப் பருப்பின் எண்ணையா வெந்த பருப்பின் எண்ணையா எடுப்பது என்பதும் தெளிந்துவிடும். பச்சையாக நிறுத்ததற்குப் பச்சைக்கான எண். இதை மாற்றிப் போட்டால் பருப்பின் கலோரி பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

என் ஆற்றாமை எல்லாம் மொழிபெயர்ப்பவர்கள் மேல்தான். நான்கு மொழித் தாளில் தமிழ் கடைசிப் பக்கத்தில் வருகிறது. அகராதியில் ‘யீல்டு’ எதிரே முதலில் இருப்பதை எடுத்து வைத்துவிடுகிறார்கள். ஒரு தாளில் ‘மகசூல்’ என்றே கண்டேன். சமையலறைக்குள் போய் ஒரு சட்டியைத் தராசில் வைத்துப் பார்த்தவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

வெந்த எடை என்ற சொல்லும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. பொரித்தபின் சட்டியில் மிஞ்சும் எண்ணெயைத் தனியே நிறுத்து, ஊற்றியதிலிருந்து கழிக்க வேண்டும். வடித்துக் கொட்டும் கஞ்சியோடு போகும் மாவுச்சத்தை விரிதாளால் பிடிக்க முடியாது.

அக்காவின் தாளில் தலைப்பை மாற்றிக் கொடுத்தேன். இப்போது அவர் சட்டி மூடியில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறது: ‘வெறும் சட்டி 960’.