ஸ்கோப், கிராஃப், கிராம்: கருவி பார்க்கிறதா, வரைகிறதா?

அறிவியல் கருவிகளின் பெயரில் கடைசித் துண்டைத்தான் முதலில் படிக்க வேண்டும். முன்பாதி எதைப் பற்றி என்று சொல்லும், கருவி என்ன வேலை செய்கிறது என்பது வால்பகுதியில்தான் இருக்கிறது. ஸ்கோப், கிராஃப், கிராம், மீட்டர் ஆகிய நான்கும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஸ்கோபெயின் என்றால் உற்றுப் பார்ப்பது, ஆராய்வது. கிராஃபெயின் முதலில் கீறுவதைக் குறித்தது, பிறகு எழுதுவதையும் வரைவதையும் குறிக்கலாயிற்று. அப்படி எழுதப்பட்டது கிராம்மா. மெட்ரோன் என்றால் அளவு.

நான்குக்கும் உள்ள வித்தியாசம் நிலநடுக்கக் கருவிகளில் பளிச்சென்று தெரியும். கிரேக்கத்தில் செய்ஸ்மோஸ் என்றால் நில அதிர்வு. கி.பி. 132இல் சீனாவில் சாங் ஹெங் ஒரு வெண்கலக் கலம் செய்தார். அதைச் சுற்றி எட்டு டிராகன் தலைகள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குண்டு, கீழே வாய் பிளந்த தவளைகள். நிலம் அதிர்ந்தால் ஒரு குண்டு விழும், எந்தப் பக்கத்துக் குண்டு விழுந்தது என்பதை வைத்துத் திசையை ஊகிப்பார்கள். அவ்வளவுதான் அது சொல்லும், எவ்வளவு நேரம் ஆடியது, எப்படி ஆடியது என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது. அதனால் அது சீஸ்மோஸ்கோப். தமிழில் நில அதிர்வுகாட்டி எனலாம்.

1880 வாக்கில் ஜப்பானில் பணியாற்றிய ஜான் மில்னும் அவருடைய சகாக்களும் உருவாக்கியவை வேறு வகை. அவற்றின் அடிப்படை எளிது. ஒரு கனமான எடையைத் தொங்கவிட்டால், நிலமும் சட்டமும் ஆடும்போது எடை மட்டும் தன் நிலைமத்தால் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், அதோடு இணைத்த முள் சுழலும் தாளில் கோடு போட்டுக்கொண்டே போகும். இது சீஸ்மோகிராஃப், அதாவது நில அதிர்வு வரைவி. தாளில் விழுந்த கோடு சீஸ்மோகிராம், அதிர்வு வரைபடம். அதிர்வை உணர்ந்து அளக்கும் பகுதிக்கு சீஸ்மோமீட்டர், நில அதிர்வுமானி என்று பெயர். பேச்சு வழக்கில் வரைவியையும் மானியையும் கலந்துதான் சொல்கிறார்கள், ஆனால் வரைவியையும் வரைபடத்தையும் கலக்கக் கூடாது, ஒன்று கருவி, மற்றது தாள். ஈசிஜியிலும் இதே கதைதான்: நம் கைக்கு வருவது எலக்ட்ரோகார்டியோகிராம், இதய மின்வரைபடம். அதைப் போட்டுத் தரும் இயந்திரம் எலக்ட்ரோகார்டியோகிராஃப், இதய மின்வரைவி.

ஸ்கோப் என்பதற்குத் தமிழில் இரண்டு வழி உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மைக்ரோஸ்கோப் நுண்ணோக்கி, இலங்கையில் அது நுணுக்குக்காட்டி. கண்ணை வைத்துப் பார்க்கிற கருவி என்றால் நோக்கி நன்றாக இருக்கிறது. எலக்ட்ரோஸ்கோப் போல, மின்னூட்டம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்கிற கருவிக்கு அது பொருந்தாது, தமிழ்நாட்டுப் பாடநூலும் அதை நிலைமின்காட்டி என்றே சொல்கிறது. சரி, ஸ்டெதாஸ்கோப் காதில் வைப்பதாயிற்றே, அதில் எங்கே பார்ப்பது? 1816இல் பாரிஸில் லனெக் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் மார்பில் காதை வைக்கத் தயங்கி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார், பிறகு மரக்குழலாகச் செய்துகொண்டார். ஸ்டெதோஸ் என்றால் மார்பு, ஸ்கோபெயினுக்கு ஆராய்வது என்ற பொருளும் உண்டு, ஆக மார்பை ஆராயும் கருவி. நாம் இதயத்துடிப்புமானி என்கிறோம். அது எதையும் அளப்பதில்லை, நுரையீரலின் ஒலியும் அதில்தான் கேட்கிறார்கள், எனவே அந்தச் சொல் எனக்குச் சரியாகப் படவில்லை. மார்பொலிகாட்டி என்றால் வேலைக்குப் பொருந்தும்.

வேரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வழுக்கும் இடமும் உண்டு. கிலோகிராமில் உள்ள கிராமும் அதே கிராம்மாவிலிருந்து வந்ததுதான், ஆனால் எழுதியது என்ற பொருள் அதில் இல்லை. பிற்காலத்தில் அந்தச் சொல் ஒரு சிறு எடையின் பெயராகி, அங்கிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆகவே பிரித்துப் பார்த்துக் கிடைப்பது ஊகம்தான், அகராதியில் சரிபார்க்க வேண்டும்.

தமிழாக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கிரேக்கத்தில் கே என்றால் பூமி, பூமியை எழுதிக் காட்டுவது ஜியாகிரஃபி, பூமியின் உள்ளமைப்பை ஆராய்வது ஜியாலஜி. லஜி என்று முடிவதற்கு நாம் வழக்கமாக இயல் போடுகிறோம், பயாலஜி உயிரியல் ஆனது அப்படித்தான், பயோ என்றால் உயிர்வாழ்வு. அந்தக் கணக்கில் புவியியல் ஜியாலஜிக்குத்தான் போக வேண்டும். ஆனால் பள்ளியில் புவியியல் என்றால் ஜியாகிரஃபி, தமிழக அரசின் புவியியல் மற்றும் சுரங்கத்துறையிலோ அது ஜியாலஜி. இலங்கையில் ஜியாலஜியைப் புவிச்சரிதவியல் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். இங்கே எழுதுகிறவர்கள் ஜியாலஜிக்கு நிலவியல் என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது.