பதினொன்றரை மணிக் கோபம்

பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "காலையில் சர்க்கரை போட்ட காபி மட்டும் குடித்துவிட்டு ஓடுகிறேன். பதினொன்றரை மணிக்குப் பிள்ளைகள் பென்சில் கேட்டால்கூட எரிந்து விழுகிறேன். சாப்பிட்டதும் சரியாகிவிடுகிறது. எனக்கு ஏதாவது மனக்கோளாறா?"

இரவு எட்டரைக்குச் சாப்பிட்டிருந்தால், நடுவில் அந்தக் காபியைத் தவிர 15 மணி நேரம் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. மூளைக்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். அது குறையாமல் கல்லீரல் பார்த்துக்கொள்ளும். ஆகவே ஆரோக்கியமானவருக்கு ஒருவேளைப் பட்டினியில் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். அப்புறம் ஏன் கோபம்?

வெறும் வயிற்றில் போன இனிப்பு ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது, இன்சுலின் சுரந்து இறக்குகிறது. சிலருக்கு இரண்டு, மூன்று மணி நேரத்தில் அது முன்பிருந்ததைவிடச் சற்றுக் கீழே போகும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமை நெருங்கி மேலும் இறங்கினால், சர்க்கரையை ஏற்றும் குளுக்கோகான் என்ற ஹார்மோனோடு அட்ரினலினும் சுரக்கிறது. கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றத்தான் அது வருகிறது. ஆனால் வந்த இடத்தில் நெஞ்சைப் படபடக்க வைக்கிறது, கையை நடுங்க வைக்கிறது. பயத்திலும் கோபத்திலும் வருவது இதே அட்ரினலின்தான்!

அந்த அளவுக்கு இறங்காவிட்டாலும் பசியே ஓர் அசௌகரியம். அதற்குக் காரணத்தை மூளை வெளியே தேடுகிறது. எதிரே பென்சில் கேட்டு ஒரு பிள்ளை நிற்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மெக்கார்மக்கும் லிண்ட்குவிஸ்டும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பசியோடு வந்தவர்கள், சாப்பிட்டு வந்தவர்கள் என இரு தரப்பினரின் கணினியையும் வேண்டுமென்றே செயலிழக்கச் செய்தார்கள். பசித்தவர்கள் அதிகமாக எரிச்சல்பட்டார்கள். ஆனால் முன்னதாக உணர்ச்சிகளைப் பற்றி எழுதவைக்கப்பட்டவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. 'இது பசி' என்று பெயர் வைப்பதற்கே இவ்வளவு பலம் இருக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

தண்ணீரும் இதில் உண்டு. கனெக்டிகட்டில் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வில், உடல் எடையில் 1.36 சதவீத நீரிழப்பே தலைவலியையும் சோர்வையும் மனநிலைச் சரிவையும் தந்தது. 55 கிலோ எடையுள்ளவருக்கு அது முக்கால் லிட்டர்தான். கழிப்பறை சரியில்லாத பள்ளிகளில் ஆசிரியைகள் பலர் மதியம்வரை தண்ணீரே குடிப்பதில்லை. அவர்களுக்குப் பொறுமையைப் பற்றிப் பயிற்சி வகுப்பு எடுப்பதைவிடக் கழிப்பறை கட்டிக்கொடுப்பது நல்லது.

வாசகிக்கு என் யோசனை: இரண்டு வாரம் காலையில் இட்லியோ சுண்டலோ சாப்பிட்டு, தண்ணீரும் குடித்துப் பாருங்கள். அப்படியும் மனச்சோர்வு நாள் முழுக்க நீடித்தால் பசியின்மேல் பழி போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெபிரைடு மாத்திரையோ எடுப்பவர் வீட்டில் கதை வேறு. அவர் திடீரென வியர்த்து, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டு, உளறினால் கண்ணேறு என்று திருநீறு பூசிக் காத்திருக்காதீர்கள். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.