கண்விழித்துப் படிப்பவருக்குக் கிரியாட்டின் கைகொடுக்குமா?

உடற்பயிற்சிக் கூடத்துத் தூள் ஒன்று இப்போது படிப்பு மேசைக்கும் வந்துவிட்டது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களும், “கிரியாட்டின் சாப்பிட்டால் தூங்காவிட்டாலும் மூளை சுறுசுறுப்பாக இருக்குமாமே, டாக்டர்?” என்று கேட்கிறார்கள். வெறும் கட்டுக்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று பின்னால் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு சொன்னது ஒன்று, ஊருக்குள் பரவியிருப்பது வேறொன்று.

அண்மையில் என்னிடம் வந்த இளைஞருக்கு 24 வயது, எடை 60 கிலோ. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் அப்பாவுக்குக் கமிஷன் கடை. இரவு ஒரு மணிக்கு எழுந்து கடைக்குப் போய் மல்லிகை எடை போட்டுக் கணக்கு எழுதுவார். காலை எட்டு மணிக்கு மேல் வீடு திரும்பி, குளித்துவிட்டு வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்புக்கு ஓடுவார். மாதக்கணக்காக நாளுக்கு நான்கரை மணி நேரத் தூக்கம்தான். படித்தது நிற்கவில்லை என்பது அவருடைய குறை. கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, தினமும் இரவு கடைக்குக் கிளம்பும்போது நான்கு கரண்டி கிரியாட்டினை ஒரே டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்திருக்கிறார். ஒரு வாரத்தில் வயிறு கெட்டுப்போனது. கூடவே ஓர் ரத்தப் பரிசோதனை அறிக்கை அவரைப் பயமுறுத்தியிருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிரியாட்டின் நம் உடம்புக்கு அந்நியப் பொருள் அல்ல. சிறுநீரகமும் கல்லீரலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் தயாரிக்கின்றன. இறைச்சியும் மீனும் சாப்பிடுபவர்களுக்கு உணவிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கிறது. பெரும்பகுதி தசையில் இருக்கும், சிறு பங்கு மூளையில். செல்கள் உடனடியாகச் செலவழிக்கும் ஆற்றல் நாணயம் ஏடிபி. அது தீரும்போது சட்டென்று நிரப்பிக் கொடுக்கும் கைமாற்றுதான், கிரியாட்டினிலிருந்து உருவாகும் பாஸ்போகிரியாட்டின். தூக்கமில்லாத இரவில் மூளையின் இந்த இருப்பு தடுமாறுகிறது. அப்படியானால் வெளியிலிருந்து கிரியாட்டின் கொடுத்தால் தாங்குமா?

ஜெர்மனியின் யூலிச் ஆய்வு மையத்தைச் சேர்ந்த குழுவினர் இந்தக் கேள்வியைச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் 15 பேர். இரவு முழுக்க விழித்திருந்த அவர்களுக்கு, ஒரு முறை உண்மையான கிரியாட்டினும் இன்னொரு முறை போலித் தூளும் கொடுக்கப்பட்டன. மாலையிலும் நள்ளிரவிலும் அதிகாலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் சோதனைகள் நடத்தி, மூளையின் ஆற்றல் சேர்மங்களை ஸ்கேன் கருவியில் அளந்தார்கள். கிரியாட்டின் எடுத்த இரவில் கணக்கிடும் வேகமும் குறுகியகால நினைவும் போலித் தூள் எடுத்த இரவைவிடச் சரியாக இருந்தன. மூன்று மணி நேரம் கழித்துத் தெரியத் தொடங்கிய பலன், நான்கு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டது. சாதாரண நாள்களில் மூளைக்குள் கிரியாட்டின் மிகச் சொற்பமாகத்தான் புகும். ஆற்றல் நெருக்கடியும் ரத்தத்தில் மிகுந்த அளவும் ஒன்றுசேரும்போது கதவு கொஞ்சம் திறக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

இங்கே அளவைக் கவனியுங்கள். எடையில் கிலோவுக்கு 0.35 கிராம், அதுவும் ஒரே தடவை. நம் பூக்கடைத் தம்பிக்கு அது 21 கிராம் ஆகும். தசைக்காகத் தினமும் எடுப்பது 3 முதல் 5 கிராம். ஆக, ஒரு கரண்டி போட்டுக்கொண்டு அந்த ஆய்வின் பலனை எதிர்பார்ப்பது வீண். நான்கு கரண்டி போட்டால் வயிற்றுப்போக்கு காத்திருக்கிறது. ஒரே மூச்சில் 10 கிராமுக்கு மேல் போனாலே பலருக்கு வயிறு ஒத்துழைப்பதில்லை. அந்தப் பேரளவை வீட்டில் முயல வேண்டாம் என்று ஆய்வுக் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். காணொளிகளில் அந்த வரி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

அளவைவிட முக்கியமான இடைவெளிகள் இரண்டு. ஆய்வில் இருந்தது ஓர் இரவு விழிப்பு. இந்த இளைஞருக்கு இருப்பது மாதக்கணக்கில் சேர்ந்த தூக்கக் கடன். முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கு ஒட்டவைக்க முடியாது. அடுத்து, அவர்கள் அளந்த நினைவு, அந்த நிமிடத்தில் எண்களையும் சொற்களையும் மனத்தில் பிடித்து வைக்கும் திறன். இவர் கேட்பது, இன்று படித்த வட்டிக் கணக்குச் சூத்திரம் அடுத்த மாதத் தேர்வில் ஞாபகத்துக்கு வர வேண்டும் என்பது. அந்தப் பதிவு வேலையில் பெரும்பங்கு நாம் தூங்கும்போதுதான் நடக்கிறது. விழித்திருக்கும் மூளைக்கு எரிபொருள் ஊற்றினாலும் தூங்காத இரவில் அந்தப் பதிவு நடந்துவிடாது.

பழைய ஆய்வு ஒன்றிலும் பலன் குறைவாகத்தான் இருந்தது. பிரிட்டனைச் சேர்ந்த டெர்ரி மெக்மாரிஸ் குழுவினர் நாளுக்கு 20 கிராம் வீதம் ஏழு நாள் முன்கூட்டியே கொடுத்து, பிறகு 36 மணி நேரம் விழித்திருக்க வைத்தார்கள். 2007-இல் வந்த அந்த முடிவின்படி, சிக்கலான ஒரு செயல்திட்டச் சோதனையில் மட்டும், அதுவும் கடைசி மணியில்தான், வித்தியாசம் தெரிந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2024-இல் கிரியாட்டின் அறிவுத்திறனை உயர்த்தும் என்ற உரிமைகோரலை ஏற்கவில்லை.

இரவு பஸ் ஓட்டுநர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு சொல்: காபியைப் போல இது தூக்கத்தை விரட்டும் பொருள் அல்ல. கண் செருகினால் வண்டியை ஓரங்கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

இனி அந்த ரத்த அறிக்கை. அவருடைய கிரியாட்டினின் 1.4 மில்லிகிராம், ஆய்வகம் அதிலிருந்து கணக்கிட்ட சிறுநீரக வடிகட்டும் திறன் 72. ஆறு மாதம் முன்பு கிரியாட்டினின் 1.0, திறன் 108. “கிட்னி போய்விட்டதா, டாக்டர்?” என்றார். கிரியாட்டின் சிதைந்து வெளியேறும் கழிவே கிரியாட்டினின். வரவு கூடினால் கழிவும் கூடும். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் எண் உயரும், கணக்கு திறனைக் குறைத்துக் காட்டும். உண்மையா பொய்யா என்று பிரித்தறிய, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் ரத்தத்தில் சிஸ்டாட்டின் சி-யும் பார்த்தோம். சிஸ்டாட்டின் தசையையோ இந்தத் தூளையோ சார்ந்திருப்பதில்லை. இரண்டும் இயல்பாக இருந்தன, ரத்த அழுத்தமும் சரி. தூளை நிறுத்தி நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது கிரியாட்டினின் 1.1. வயிற்றுப்போக்கால் உடம்பு நீர் வற்றியதும் முதல் எண்ணைக் கொஞ்சம் தூக்கியிருக்கலாம்.

தூக்கத்துக்கு நாங்கள் போட்ட ஏற்பாடு எளிது. இரவு எட்டரைக்குப் படுக்கை, ஒரு மணிக்கு எழுவது. கடையிலிருந்து வந்ததும் ஒன்றரை மணி நேரம் அறையை இருட்டாக்கி இன்னொரு தூக்கம். வகுப்பைப் பிற்பகல் அணிக்கு மாற்றிக்கொண்டார். தசைக்காக வேண்டுமென்றால் மோனோஹைட்ரேட் வகை மட்டும், நாளுக்கு மூன்று கிராம் என்றேன். கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், அப்பாவின் கடைத் தராசை நம்பாமல் கிராம் துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசில் ஒரு தடவையாவது எடை பார்க்கச் சொன்னேன்.

சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதல் கரண்டிக்கு முன்பே மருத்துவரிடம் சிறுநீர் ஆல்புமினும் கிரியாட்டினினும் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பது உறுதியானால் இந்தத் தூளைத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளும் தவிர்த்துவிடலாம். மற்றவர்கள், பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது கிரியாட்டின் எடுப்பதை ஆய்வகத்திலும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.